லெட்டர்பேடு போதாது: மகளுக்கான வரிக்கழிவுச் சான்றிதழை டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: ஆடிட்டர் சார், மார்த்தாண்டம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகளுக்கு 11 வயது, செரிப்ரல் பால்சி. யுடிஐடி என்ற ஊன அடையாள அட்டையில் 85 சதவீத ஊனம் என்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுகிறோம். பிசியோதெரபி இங்கேயே நடக்கிறது. வரிக்கழிவுக்காக அந்த டாக்டர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்ததைப் பள்ளி அலுவலகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். யாரிடம் போய், என்னவென்று கேட்க வேண்டும்? என் ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். 2025-26 கணக்குக்குக் கொடுக்க வேண்டும்.

பதில்: டீச்சர், அலுவலகத்தில் மறுத்தது சரிதான். உங்கள் டாக்டர் மேல் தப்பு இல்லை, அவரிடம் கேட்ட விதத்தில்தான் சிக்கல். மகளின் சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்கிற கழிவைத் தரும் வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவுக்கு அது தேவையே இல்லை. இந்தக் கழிவு செலவுத் தொகையைப் பார்த்து வருவதில்லை. உங்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை, பயிற்சி, பராமரிப்பு என்று செலவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 20,000 செலவானாலும் 2 லட்சம் செலவானாலும் கழிவு ஒரே தொகை. 40 சதவீதம் முதல் ஊனம் இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 1,25,000 ரூபாய். ஆகவே டாக்டர் சான்றளிக்க வேண்டியது பிள்ளையின் நிலையை மட்டுமே.

அதை எந்தத் தாளில், யார் எழுதலாம் என்பதை வருமான வரி விதி 11ஏ சொல்கிறது. போலியோ பாதித்த கால், கேட்புத் திறன் குறைவு, பார்வையின்மை போன்றவற்றுக்கு அரசின் ஊனச் சான்றிதழே போதும். ஆனால் ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, பல்வகை ஊனம் ஆகிய மூன்றுக்கும் தனியாக 10-ஐஏ என்ற படிவம் உண்டு. உங்கள் மகள் இந்த இரண்டாவது வகையில் வருகிறாள். அதனால்தான் யுடிஐடி அட்டை கையில் இருந்தும் இன்னொரு தாள் வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடியவர்கள் சிலர்தான். நரம்பியலில் மேற்படிப்பு முடித்த நரம்பியல் நிபுணர் போடலாம். பிள்ளைகள் விஷயத்தில் அவர் குழந்தைகள் நரம்பியல் நிபுணராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜன் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் போடலாம். பொதுவான குழந்தைகள் டாக்டர், எலும்பு டாக்டர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் எத்தனை வருடம் பிள்ளையைப் பார்த்திருந்தாலும் இதில் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் குழந்தைகள் டாக்டர் நல்ல மனதோடு எழுதிக் கொடுத்தும் தாள் செல்லாமல் போனது இதனால்தான்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இப்போது போகிற திருவனந்தபுரம் மருத்துவமனையிலேயே குழந்தைகள் நரம்பியல் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நரம்பியல் நிபுணர் அரசுப் பணியில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. களியக்காவிளையைத் தாண்டி வேறு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் என்பதும் தடையில்லை, இது மத்திய அரசின் வரி. இரண்டாவது வழி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நானாக இருந்தால் முதல் வழியைத்தான் முதலில் பார்ப்பேன். பிள்ளையின் எம்ஆர்ஐ, பழைய கோப்பு எல்லாம் அங்கேயே இருக்கும், ஏற்கெனவே கூட்டிப்போகிற நாளிலேயே வேலை முடியும். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வரிசையில் நிற்கிற கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசாரிப்பள்ளம் போனால் ஒரு பேச்சு வரக் கூடும். "ஏற்கெனவே மெடிக்கல் போர்டு ஊனச் சர்ட்டிபிகேட் கொடுத்தாச்சே, இது எதுக்கு?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இந்தப் படிவம் அடிக்கடி அவர்கள் கண்ணில் படுவதில்லை. "அது நலத்திட்டங்களுக்கு உள்ள சான்றிதழ், செரிப்ரல் பால்சிக்கு வருமான வரி விதியில் தனிப் படிவம் கேட்கிறார்கள்" என்று சொல்லி, வெற்றுப் படிவத்தைக் கையில் கொடுங்கள். படிவத்தை டாக்டர் தேடி எடுப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு பிரதி அச்சடித்து, மகளின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றை நீங்களே தெளிவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். கூடவே இப்படி ஒரு கடிதம் கொடுத்தால் டாக்டருக்கும் எளிது:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மருத்துவமனையில் பதிவு பெற்றுள்ள என் மகளுக்கு வயது 11. செரிப்ரல் பால்சிக்குச் சிகிச்சை பெற்று வருகிறாள். அவளுடைய ஊனச் சான்றிதழில் 85 சதவீதம் எனப் பதிவாகியுள்ளது. வருமான வரி விதி 11ஏ-யின்படி, 10-ஐஏ படிவத்தில் அவளுடைய நிலையைப் பரிசோதித்துச் சான்றளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். செலவுத் தொகை எதையும் குறிப்பிட வேண்டியதில்லை. வெற்றுப் படிவம், ஊனச் சான்றிதழ், எம்ஆர்ஐ அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்."

செலவைப் பற்றிய அந்த ஒரு வரி முக்கியம். பணத் தொகைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களோ என்ற தயக்கம் டாக்டருக்கு வரும். அந்த வரியைப் படித்ததும் அது போய்விடும்.

இனி, கையெழுத்து வாங்கிய பிறகு அங்கேயே நின்று படித்துப் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள். படிவத்தில் 'டிசெபிலிட்டி', 'சிவியர் டிசெபிலிட்டி' என்று இரண்டும் அச்சாகியிருக்கும், பொருந்தாததை டாக்டர் அடிக்க வேண்டும். சதவீதம் எழுதத் தனி இடம் இந்தப் படிவத்தில் கிடையாது. 'சிவியர்' என்றால் 80 சதவீதமும் அதற்கு மேலும். எனவே 75,000-ஆ 1,25,000-ஆ என்பதை இந்த அடித்தல் ஒன்றுதான் சொல்கிறது. தக்கலைப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு தகப்பனாரின் தாளில் இரண்டுமே அடிக்கப்படாமல் கிடந்தது. டாக்டர் ஊருக்குப் போயிருந்ததால் திருத்தி வாங்க அவர் மூன்று தடவை அலைந்தார். ஒரு பேனாக் கோட்டுக்கு மூன்று நாள் சம்பள இழப்பு. அதே வரியில் ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, பல்வகை ஊனம் என்று இருப்பதிலும் பொருந்தாதவற்றை அடிக்க வேண்டும்.

அடுத்தது மறுமதிப்பீடு. எத்தனை மாதம் அல்லது வருடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும், அல்லது வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும். வளரும் பிள்ளை என்பதால் டாக்டர் காலம் குறிக்கலாம், அது அவருடைய முடிவு. காலம் குறித்தால், சான்றிதழ் வழங்கிய நிதியாண்டிலிருந்து அந்தக் காலம் முடிகிற நிதியாண்டு வரை செல்லும். ஆகவே தேதி உங்களுக்கு ரொம்ப முக்கியம். 2026 மார்ச் 31க்குள் தேதியிட்டு வாங்கினால் 2025-26க்குச் செல்லும். ஏப்ரல் 2ஆம் தேதி வாங்கினால் இந்த வருடக் கழிவு கைவிட்டுப் போகும். விசுவுக்கு லீவு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாவது அடிப்பகுதி. டாக்டரின் பெயர், படிப்பு அல்லது பதவி, மருத்துவமனை முகவரி, முத்திரை நான்கும் வேண்டும். படிப்பு எழுதாவிட்டால் அவர் தகுதியுள்ள நிபுணரா என்பது தாளைப் பார்த்துத் தெரியாது. மகளின் கையெழுத்து அல்லது கைரேகைக்கும் இடம் உண்டு, எனவே தாளை மட்டும் கொடுத்தனுப்பாமல் பிள்ளையையும் கூட்டிப்போங்கள்.

சரி, இவ்வளவு அலைச்சலுக்குப் பலன் உண்டா என்று உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 80டிடி கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான் கிடைக்கும். புதிய முறையில் 15 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 14,25,000. அதற்கு வரி, செஸ் சேர்த்து 97,500 ரூபாய். பழைய முறையில் நிலையான கழிவு, வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 5,25,000 கழிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 9,75,000, வரி 1,11,800. இந்த நிலையில் புதிய முறைதான் லாபம். 75,000 கழிவு சேர்ந்தால் பழைய முறை வரி 96,200 ஆகிறது, கிட்டத்தட்ட சமம். 1,25,000 சேர்ந்தால் 85,800. புதிய முறையைவிட 11,700 ரூபாய் மிச்சம். டாக்டர் அடிக்கிற அந்தக் கோட்டின் மதிப்பு உங்கள் வீட்டில் இதுதான்.

உங்கள் மற்றக் கழிவுகள் 5,25,000-ஐ விட நன்றாகக் குறைவு என்றால் பலன் இல்லாமல் போகும், அதை முதலில் கூட்டிப் பாருங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: 2025-26இல் மொத்தச் சம்பளம் 12,75,000 வரை உள்ளவருக்கு, வேறு வருமானம் இல்லையென்றால், புதிய முறையில் வரியே இல்லை. அவர்கள் இந்த வருடம் இந்தச் சான்றிதழுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் incometax.gov.in தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, e-File பகுதியில் உள்ள Income Tax Forms வழியாக Form 10-IA-வைத் தாக்கல் செய்யுங்கள். தாளில் உள்ளதை அப்படியே பதிய வேண்டும். கிடைக்கிற ஒப்புகை எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். பிறகு ரிட்டர்ன் போடும்போது Schedule 80DD-இல் அந்த எண், மகளின் ஆதார், யுடிஐடி எண் எல்லாம் கேட்கும். காகிதம் சரியாக இருந்தும், இந்த எண் இல்லாமல் ரிட்டர்ன் போட்டுக் கழிவில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பிசியோதெரபி, காலணி, ஸ்பிளிண்ட் ரசீதுகளை மகள் பெயரில் தேதியோடு வாங்கி வையுங்கள். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, செலவு நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். ஆனால் உங்கள் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டம்தான்.

பள்ளியில் பிப்ரவரி மாத ஐடி ஸ்டேட்மென்ட் கொடுப்பதற்குள் சான்றிதழ் வரவில்லை என்றாலும் பதற வேண்டாம். அலுவலகம் புதிய முறையில் பிடித்தம் செய்திருந்தாலும், 2026 ஜூலை 31க்குள் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் போட்டால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். அந்தத் தேதி தாண்டினால் பழைய முறையைத் தேர்வு செய்ய முடியாது. அப்புறம், அலுவலகத்தில் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.