நைட் ஆடிட்டில் வசூலும் ரூம் வருமானமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே பார்ப்பது?

கேள்வி: ஹோட்டலில் இரவு அன்றைய கணக்கை முடிக்கும்போது ரூம் வருமானம், தங்கியிருப்போர் கணக்கு, கல்லா வசூல் மூன்றும் தினமும் இடிக்கிறது. எங்கிருந்து சரிபார்க்க ஆரம்பிப்பது?

ரூம் வருமானத்தையும் வசூலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள். இன்று தங்கியவர் நாளைதான் பணம் கட்டுவார், அடுத்த வாரம் வருபவர் இன்றே முன்பணம் கொடுத்திருப்பார். அதனால் இரண்டும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் ரூம்களைப் பாருங்கள். ஹவுஸ்கீப்பிங்கின் மாலை ரிப்போர்ட்டை சிஸ்டத்தோடு ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். இரண்டிலும் 40 ரூம் என்றே இருக்கும். ஆனால் சிஸ்டத்தில் ஆள் இருக்கும் 207 ஹவுஸ்கீப்பிங்கில் காலி, சிஸ்டத்தில் காலியான 209-இல் பெட்டி இருக்கிறது. பெரும்பாலும் விருந்தினரை ரூம் மாற்றிவிட்டு சிஸ்டத்தில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். கவனிக்காவிட்டால் நள்ளிரவில் வருபவருக்கு 209-இன் சாவியைக் கொடுத்துவிடுவோம். எனவே ரூம் நம்பர் வாரியாக டிக் அடியுங்கள். 209-இல் யாரும் இல்லாமல், சிஸ்டத்தில் ஆள் இருக்கும் 207-உம் காலியாக இருந்தால், பில் கட்டாமல் போய்விட்டாரா, கட்டியும் செக்-அவுட் போடாமல் விட்டார்களா என்று அந்த பில்லைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்து வாடகை. 40 ரூமில் ஒன்று இலவசம், மற்றவை தலா 3,000 என்றால் 1,17,000 வர வேண்டும். 1,14,500 வந்தால் ஏதோ ஒரு ரூமில் 3,000-க்குப் பதில் 500 என்று விலை பதிந்திருக்கலாம். வாடகையைப் பில்களில் ஏற்றும் முன்பே இதைப் பிடித்துவிடுங்கள். தேதி மாறிவிட்டால் மறுநாள் கணக்கில்தான் திருத்த முடியும், இரண்டு நாள் வருமானமும் கோணலாகிவிடும்.

வருமானத்தையும் வசூலையும் இணைப்பது தங்கியிருப்போரின் பாக்கிதான். நேற்றைய பாக்கி 2,10,000. இன்று வாடகை, வரி, உணவகம் எல்லாம் சேர்த்து ஏறியது 1,50,000. அவர்களிடம் வசூல் 90,000, செக்-அவுட் ஆனபோது பிறகு கட்டப்போகும் கம்பெனியின் கணக்குக்கு மாற்றியது 30,000. மீதி 2,40,000. தங்கியிருப்போர் பில்களின் பாக்கியைக் கூட்டினால் இதே தொகை வர வேண்டும். அன்று வாங்கிய முன்பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். இதில் கலந்தால் கூட்டு தவறும்.

கடைசியில் கல்லா. முன்பணம் எதுவும் வராத நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 90,000-இல் ரொக்கம் 35,000, கார்டு 55,000. தொடக்க இருப்பு 5,000, வவுச்சர் போட்டுக் கொடுத்த செலவு 1,500. கல்லாவில் 38,500 இருக்க வேண்டும், இருப்பதோ 36,500. உடனே கேஷியரைச் சந்தேகிக்கக் கூடாது. கார்டு மெஷினின் செட்டில்மென்ட் சீட்டை எடுங்கள். அதில் 57,000 இருந்தால், கார்டில் வாங்கிய 2,000-ஐ ரொக்கம் என்று பதிந்திருக்கிறார்கள். சீட்டில் அந்தத் தொகையின் நேரத்தைப் பார்த்து, அதே நேரத்து ரசீதைத் தேடி, கட்டணவகையை மாற்றினால் இரண்டும் நேராகிவிடும். கார்டு சரியாக இருந்து ரொக்கம் மட்டும் குறைந்தால்தான் அது உண்மையான குறைவு. அதைக் கேஷியர் முன்னிலையில் மறுபடி எண்ணி, அவர் கையெழுத்தோடு குறைவாகவே பதியுங்கள். சில்லறைச் செலவில் சேர்த்துச் சரிக்கட்டாதீர்கள்.