லிம்போசைட் 60% என்றால் கூடிவிட்டதா?

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் மகன் நாலு நாள் காய்ச்சலோடு ஹட்டனுக்கு வந்திருக்கிறான். இரத்த ரிப்போர்ட்டில் லிம்போசைட் 60%, பக்கத்தில் H. இரத்தப் புற்றுநோயா?

அக்கா, அந்த H-ஐ விட்டுவிட்டு மேலே WBC, அதாவது மொத்த வெள்ளை அணுக்கள் வரியைப் பாருங்கள். நீங்கள் போட்ட படத்தில் 2,500 என்று இருக்கிறது. பெரியவர்களுக்கு 4,000-க்குக் குறையக்கூடாது. லிம்போசைட் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, சதவீதம் என்பது இருக்கிற வெள்ளை அணுக்களில் அதன் பங்கு மட்டும்தான். எண்ணிக்கை வேண்டுமென்றால் பெருக்க வேண்டும்:

2,500 × 60 ÷ 100 = 1,500

லிம்போசைட்டுக்கு 1,000 முதல் 4,000 வரை சாதாரணம். ஒன்றும் கூடவில்லை.

பெரட்டுக்கு ஆம்பிளைகள் பாதிப்பேர் வராத நாளில் பெண்களின் பங்கு ஏறிவிடும். அதற்காகப் பெண்கள் கூடுதலாக வந்தார்கள் என்று கணக்கப்பிள்ளை எழுதமாட்டார். இங்கே வராதது நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு. 32% என்பது 800 தான், 2,000-க்குமேல் இருக்கவேண்டியது. ரிப்போர்ட்டில் உண்மையான பிரச்சினை அதுதான்.

டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் இப்படி இறங்குவது வழக்கம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், பிளேட்லெட்டையும் சேர்த்துத் திரும்பப் பார்ப்பார்கள். காய்ச்சல் விட்டதும் ஆள் தேறிவிட்டான் என்று நினைக்க வேண்டாம், டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். லிம்போசைட் எண்ணிக்கையே 5,000-க்குமேல் மாதக்கணக்கில் நின்றால் அது வேறு கதை.