ரவுட்டரில் வேறு அடாப்டர் செருகலாமா?

"என் 9 வோல்ட் ரவுட்டரின் அடாப்டர் போய்விட்டது. கிட்டார் பெடலின் அடாப்டரும் 9 வோல்ட்தான், பின்னும் பொருந்துகிறது. செருகலாமா?"

செருகாதீர்கள். கிட்டார் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் உள்துளை மைனஸ். ரவுட்டர், லேப்டாப் வகையறாவில் பெரும்பாலும் உள்ளே பிளஸ். லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிப் பாதி வளையமும் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ, அதுதான் உள்துளை. படம் அழிந்திருந்தால் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கருப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள். -9 என்று காட்டினால் உள்ளே மைனஸ்.

மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்பது ரவுட்டரின் உள்ளமைப்பைப் பொறுத்தது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு மின்பாதையில் தொடராக இருந்தால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்காக இருந்தால் மின்சாரம் முழுக்க அதன் வழியே பாயும். ஃபியூஸ் போகும், இல்லையேல் டையோடே ஷார்ட் ஆகும். இரண்டும் இல்லாத மலிவான போர்டில்தான் வம்பு: வோல்டேஜைக் குறைக்கும் சிப் கருகும், நுழைவாயிலில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் உப்பி வெடிக்கவும் கூடும்.

ஏற்கெனவே செருகிவிட்டீர்களா? சரியான அடாப்டரை இணைத்ததும் அடாப்டரின் விளக்கு மங்கினாலோ மினுக்கினாலோ ரவுட்டருக்குள் ஷார்ட். டையோடு மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம். சிப் என்றால் புது ரவுட்டரே மேல்.