பழைய ஆட்களுக்குப் புது மேலாளர்: முதல் வாரம்

“ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறைக்கு மேலாளராக வரும் திங்கள்கிழமை சேருகிறேன். 11 பேர். அதில் 20 வருஷமாக வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர், இந்தப் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்தாராம். முதல் வாரம் என்ன செய்வது?”

திங்கள் காலை எல்லோரையும் கூட்டுவதற்கு முன் அந்த மூத்தவரைத் தனியாகப் பாருங்கள். மற்றவர்கள் முன்னால்தான் உங்களை முதன்முதலாகச் சந்திக்கிறார் என்றால் அவருக்கு அது கூடுதல் வலி. “அண்ணே, இந்த இடத்தை நீங்க எதிர்பார்த்தது எனக்குத் தெரியும். வேலை தெரிஞ்சவர் நீங்கதான், கேட்டுத்தான் செய்வேன்” என்று சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம். பதவி, சம்பளம் என்று எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். அவர் பேசாமல் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் எல்லோரிடமும் பத்து நிமிஷம் பேசுங்கள். அவர்கள் மனதில் ஓடுவது கூலி, லீவு, நேரம் மூன்றும்தான். இந்த வாரம் அவற்றில் மாற்றம் இல்லை என்பதை முதலாளியிடம் முன்பே உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள்.

செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாளைக்கு நான்கு பேர் வீதம், ஆளுக்கு அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து வர்ணம் ஊற்றுகிறவரைப் பாதியில் கூப்பிடாதீர்கள், சிமெண்ட் கலவை காத்திருக்காது. வேலையில் எது நன்றாக நடக்கிறது, எது இடைஞ்சல் என்று கேட்டுவிட்டு, மூன்றாவதாக இதைக் கேளுங்கள்: “பழைய மேலாளர் உங்களுக்கு ஏதாவது சொல்லி வச்சிருந்தாரா?”

இந்தக் கேள்வியை நான் ஒரு முறை விட்டுவிட்டேன். சேர்ந்த மூன்றாம் நாளே ஒருவருக்குக் குலதெய்வப் படைப்புக்கு நான்கு நாள் லீவு கொடுத்தேன். அதே நாட்களை எனக்கு முன்பிருந்தவர் இன்னொருவருக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு நான் வாக்குத் தவறியவன் ஆனேன். அதைச் சரிசெய்ய மாதங்கள் ஆயின.

வாய்வார்த்தையாகச் சொன்னது எந்தப் பேரேட்டிலும் இருக்காது. பெயர், சொன்ன விஷயம், எப்போது சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒருவர் முன்பணம் 5,000 என்கிறார், கணக்கில் 8,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே வாதாடாமல், “குறிச்சுக்கிட்டேன், சனிக்கிழமை சொல்றேன்” என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நோட்டோடு முதலாளியிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, எப்போது என்று முடிவு வாங்குங்கள். முடிந்தால் பழைய மேலாளருக்கும் ஒரு போன் போடுங்கள்.

எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்களா? முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்காகக் கோபப்படாதீர்கள், பயம் இன்னும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். கல் உடைவதைப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறும் நாட்களை மாற்றும் ஆசை வரும். அதையும் நோட்டில் எழுதி, மூத்தவரிடம் காரணம் கேட்கும் வரை தொடாதீர்கள்.

சனிக்கிழமை அவரவரிடம் தனித்தனியாகப் பதிலைச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்பதையும் காரணத்தோடு நேரில் சொல்லுங்கள். முதலில் மூத்தவரிடம் போங்கள்.