பிரியாணியில் முட்டைக்கு எந்த அடுக்கு?

"அக்கா, எங்க வீடு கொழிஞ்சாம்பாறைல. ஞாயித்துக்கிழமை ஆறு பேருக்கு முட்டை பிரியாணி தான் செய்வேன். கைமா அரிசி. முட்டைய அடில மசாலாவோட வெச்சா ஒரு பக்கம் கருகிப்போகுது. சோத்துக்கு மேல வெச்சா தோல் மாதிரி காஞ்சு, மஞ்சக்கரு தொண்டைல அடைக்குது. ரெண்டுலயும் உள்ள சப்புன்னு தான் இருக்கு. தம் இன்னும் கொஞ்ச நேரம் போட்டா மசாலா உள்ள இறங்குமா? புலாவுக்கும் இதே வழி தானா?"

தம் நேரத்தைக் கூட்டாதீர்கள். உங்கள் முட்டை காய்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கறி பிரியாணிக்குத் தம் போடுவது போலவே முட்டைக்கும் அரை மணி, முக்கால் மணி போடும் வழக்கம் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. கறிக்கு அந்த நேரம் வேண்டும், அது சட்டிக்குள் வேக வேண்டிய பொருள். முட்டை வெந்த பிறகுதான் சட்டிக்குள் போகிறது. அதற்கு மேல் அது வாங்கும் சூடெல்லாம் நஷ்டக் கணக்கு. வெள்ளைக்கரு இறுகி, தன்னிடம் இருக்கும் தண்ணீரைக் கசியவிட்டு ரப்பராகும். மஞ்சள் கரு பொடிந்து மாவாகும்.

மசாலா இறங்குவது பற்றி ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நேற்று வைத்த முட்டை ரோஸ்ட்டில் மிஞ்சிய முட்டை ஒன்றைக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள். ராத்திரி முழுக்க மசாலாவில் கிடந்திருக்கும். ஆனாலும் மிளகாய்ச் சிவப்பு ஓரத்தில் ஒரு கோடாகத்தான் நிற்கும், அதற்கு உள்ளே பளிச்சென்று வெள்ளை. ஆனால் அந்த வெள்ளையைக் கடித்தால் சப்பென்று இருக்காது, உப்பு கரித்திருக்கும். உப்பு மட்டும் மெதுவாக உள்ளே நடக்கும். பட்டை, கிராம்பு, மிளகாய் இவற்றின் வாசனை பெரும்பாலும் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வருவது. வெந்த வெள்ளைக்கருவில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, பெரும்பகுதி தண்ணீர். அதனால் அந்த வாசனை அதற்குள் நுழையாது. எவ்வளவு நேரம் தம் போட்டாலும் நுழையாது. நம்மால் முடிந்தது இரண்டு: உப்பை முன்கூட்டியே உள்ளே அனுப்புவது, மசாலாவைக் கீறலுக்குள் உட்காரவைப்பது. இரண்டும் சட்டியில் அடுக்குவதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலை. அடுக்கு முட்டையைக் காயாமல் காப்பாற்றத்தான்.

உங்கள் ஆறு பேர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கைமா 600 கிராம், முட்டை 12.

முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வையுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கரண்டியில் வைத்து இறக்கி, 9 நிமிடம். உடனே பச்சைத் தண்ணீருக்கு மாற்றி, அந்தத் தண்ணீர் சூடானால் ஒரு தடவை மாற்றுங்கள். இப்போது மஞ்சள் கரு இறுகியிருக்கும், நட்டநடுவில் மட்டும் லேசான ஈரப்பசை தெரியும். அந்த ஈரம்தான் தம்மில் செலவாகப்போகிற ஈரம். இங்கேயே 15 நிமிடம் வேகவிட்டால் தம்முக்குப் போகும் முன்பே மஞ்சள் கரு வறண்டுவிடும். உரிப்பதற்கு, அன்று காலையில் வாங்கிய முட்டையைவிட நாலைந்து நாள் ஆன முட்டை நல்லது. புதுசு என்றால் வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

கீறல் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், பலருக்கும் இங்கேதான் கை தவறுகிறது. நீளவாக்கில் நான்கு கீறல் போதும். ஒவ்வொன்றும் வெள்ளைக்கருவின் பாதி ஆழத்துக்கு, மஞ்சள் கருவைத் தொடாமல். மஞ்சள் கரு வரைக்கும் கீறினால் அது தம்மில் காய்ந்து உதிர்ந்து மசாலாவில் கரைகிறது. மசாலாவும் மாவு கரைத்தது போல ஆகிவிடும். இரண்டாக வெட்டி வைப்பதை நான் செய்யவே மாட்டேன். மஞ்சள் கருவுக்கு இருக்கும் ஒரே போர்வை வெள்ளைக்கரு, அதை நாமே கழற்றிவிடுகிறோம்.

கீறிய முட்டையைத் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், சில முட்டை வெடிக்கவும் செய்யும். அரை ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், முக்கால் ஸ்பூன் உப்பு போட்டுப் பிரட்டி, இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் சிறு தீயில் உருட்டுங்கள். ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. மேலே மெல்லிய சுருக்கம் விழுந்ததும் எடுத்துவிடுங்கள். அந்தச் சுருக்கத்தில்தான் மசாலா பிடிக்கும், வழவழப்பான முட்டையில் வழுக்கிக்கொண்டு போகும். பொன்னிறமாகக் கொப்புளம் கிளம்பும் வரை பொரித்தால், பார்க்க அழகாக இருக்கும் அந்தத் தோல் தம்மில் செருப்புத் தோலாகும். நீங்கள் சொல்லும் தோல் பாதி இங்கேயே உண்டாகியிருக்கலாம்.

மசாலா உங்கள் வழக்கப்படி: அரைக்கிலோ வெங்காயம், கால் கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு, பச்சைமிளகாய், அரைக் கப் தயிர், மல்லி, புதினா. கறி மசாலாவைவிட ஒரு பங்கு தளர்த்தியாக இருக்கட்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவு போல விழ வேண்டும். கறி தம்மில் தண்ணீர் விடும், முட்டை அந்த அளவுக்கு விடாது. சோற்றுக்கு வேண்டிய ஆவி முழுக்க மசாலாவிலிருந்துதான் வர வேண்டும். மசாலா கெட்டியாக இருந்தால் அடி பிடிக்கும், அதில் கிடக்கிற முட்டையும் கருகும். உப்பு நாக்குக்கு ஒரு துளி தூக்கலாக நிற்கட்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு, வறுத்த முட்டையை அந்தச் சூட்டு மசாலாவில் புரட்டி மூடி வையுங்கள். அரை மணி. சோறு தயாராகிற நேரம் அதற்கே சரியாக இருக்கும். இன்னும் ருசி வேண்டுமென்றால் முந்தைய ராத்திரியே இந்த வேலையை முடித்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மெதுவாகச் சூடாக்கி அடுக்குங்கள். உப்பு உள்ளே இறங்க அந்த ராத்திரி பெரிய உதவி. வெளியே மட்டும் வைத்துவிடாதீர்கள், நம் பாலக்காட்டு வெயிலுக்கு உரித்த முட்டை தாங்காது.

இனி அடுக்கு. அகலமான சட்டி எடுங்கள். 12 முட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையில் படுக்க வேண்டும், அடிப்பக்கம் ஒரு சாண் அகலம் வந்தால் போதும். அடியில் நெய் தடவி, மசாலாவில் முக்கால் பங்கைப் பரப்புங்கள். விரல் கனத்துக்கு வர வேண்டும். அதில் முட்டைகளை இடைவெளி விட்டுப் படுக்கவைத்து லேசாக அழுத்துங்கள். பாதி முட்டை மசாலாவில் மூழ்கும், ஆனால் சட்டியின் அடியைத் தொடாது. அடியைத் தொட்ட இடம்தான் உங்களுக்குக் கருகுகிற அந்த ஒரு பக்கம். மீதி மசாலாவை ஒவ்வொரு முட்டையின் தலையிலும் ஒரு ஸ்பூனாக விடுங்கள், கீறல்கள் நிறையும்படி. அதன்மேல் சோறு. கைமாவை நெய்ச்சோறு மாதிரி தண்ணீர் வற்றும் வரை வேகவைத்து, நடுவில் ஒரு சின்ன விறைப்பு நிற்கும்போது எடுங்கள். முட்டை கண்ணுக்குத் தெரியாமல் மூடும் அளவுக்குச் சோறு போட்டு மட்டப்படுத்தி, மேலே வறுத்த வெங்காயம், முந்திரி, நெய். கீழே மசாலா ஈரம், மேலே சோற்றுப் போர்வை, நடுவில் முட்டை. காற்று படாது, காய்ந்த சூடும் படாது.

புதுநகரம் பக்கத்து ராவுத்தர் வீட்டு விருந்துகளில் மூடிமேல் கனல் அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சோறு உதிரியாக வர அருமையான முறை. அப்படிச் செய்யும் நாளில் முட்டை மேலடுக்கில் இருந்தால் ஒன்றுகூடத் தப்பாது.

மூடியை மைதா மாவால் ஒட்டி, சட்டிக்கடியில் தோசைக்கல் வைத்து, சிறு தீயில் 12 நிமிடம். அணைத்துவிட்டு 10 நிமிடம் திறக்காமல் விடுங்கள். இந்த 22 நிமிடமும் சோற்றுக்குத்தான். திறந்ததும் சட்டி ஓரத்தில் தோசைத் திருப்பியை விட்டு அடியோடு வாருங்கள், நடுவில் குத்திக் கிளறினால் முட்டை உடையும். ஒரு முட்டையை நறுக்கிப் பாருங்கள். கீறல் ஒட்டியபடி மசாலாவைப் பிடித்திருந்தால் தம் சரி. கீறல் வாய் பிளந்து விரிந்திருந்தால் வெள்ளைக்கரு சுருங்கிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் வளையம் இருந்தாலும் சூடு கூடிப்போனது. வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து வரும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாசனைதான் கெடும். அடுத்த முறை முதலில் வேகவைத்த நேரத்தைப் பாருங்கள், பிறகு தம்மை.

ஒரு புதுமனை விருந்தில் நூறு முட்டையை அடுக்கித் தம் போட்டுவிட்டேன். விருந்தாட்கள் வரத் தாமதம், பிரியாணிச் செம்பு ஒன்றரை மணி நேரம் கனலில் உட்கார்ந்திருந்தது. சோறு தப்பியது. முட்டையில் ஒன்றுகூட வாயில் வைக்கும்படி இல்லை, அந்த வீட்டம்மா முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து பந்தி நேரம் நிச்சயமில்லாத இடத்தில் முட்டையை மசாலாவோடு தனிப் பாத்திரத்தில் வைத்துக்கொள்கிறேன். சோறு தனியாகத் தம்மில் இருக்கும். இலை போடச் சொன்ன பிறகு இரண்டையும் அடுக்கி 10 நிமிடம். வீட்டிலும் ஆட்கள் வரும் நேரம் தெரியாத நாளில் இதையே செய்யுங்கள்.

புலாவுக்கு வழி வேறு. குக்கரில் அரிசியோடு முட்டையைப் போட்டு விசில் விடாதீர்கள். குக்கருக்குள் சூடு கொதிநீரைத் தாண்டி 120 டிகிரிப் பக்கம் போகும், சாதாரணத் தம்மில் ஆவி 100க்கு மேல் போகாது. அரிசியை மட்டும் வேகவைத்து, ஆவி தானாக அடங்கியதும் திறந்து, நடுவில் குழி பறித்து முட்டையை அதன் மசாலாவோடு புதைத்துச் சோற்றால் மூடி, குக்கரையும் மூடி வையுங்கள். அடுப்பு வேண்டாம், சோற்றின் சூடே 10 நிமிடத்துக்குப் போதும். புலாவ் மசாலா சோற்றிலேயே கலந்துவிடுவதால், முட்டைக்கென்று கால் கிலோ வெங்காயத்தில் கொஞ்சம் மசாலா தனியாகச் செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் வெறும் முட்டையைப் புதைத்தால் மறுபடியும் சப்பென்றுதான் இருக்கும்.

மிஞ்சினால் முட்டையைச் சோற்றிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சோற்றை ஆவியில் சூடாக்கி, முட்டையை இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்த மசாலாவில் சிறு தீயில் புரட்டினால் போதும். மைக்ரோவேவில் முழு முட்டையாக வைக்கவே வைக்காதீர்கள். கீறல் மஞ்சள் கரு வரை போகாததால் உள்ளே ஆவி அடைபட்டு நிற்கும், கடிக்கும்போது வாயிலேயே வெடிக்கும். வேறு வழி இல்லையென்றால் நான்காக வெட்டி, மசாலா தடவி, மூடி வைத்துச் சூடாக்குங்கள்.