அந்துருண்டையும் மல்லிகையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அம்மா இறந்து ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டை மகன் வந்து திறக்கிறான். மறுநாள் தங்கையும் வந்து சேர்கிறாள். இதுதான் என் கதை. "வீடெங்கும் அம்மாவின் மல்லிகை மணம் நிறைந்திருந்தது. அவனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது" என்று எழுதினேன். படித்தவர்கள் வாசனையே வரவில்லை என்கிறார்கள். வாசனைக்கென்று நல்ல சொற்கள் கொஞ்சம் சொல்ல முடியுமா? மண்வாசனையை இனி எழுதவே கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கதைகளில் மூக்கு எப்போது விழிக்கிறது, எப்போது தூங்கிப்போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அம்மா இல்லாத வீட்டை வாசனையால் எழுத நினைத்திருக்கிறீர்கள். அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

சொற்பட்டியல் தரமாட்டேன். நெடி, வீச்சம், கவிச்சி, ஊசல் எல்லாம் உங்கள் வீட்டிலேயே புழங்குகிற சொற்கள்தான். மண்வாசனையைத் தாராளமாக எழுதலாம், காய்ந்த தரையில் முதல் தூறல் விழும் சில நிமிடங்களுக்கு மட்டும். மூன்று நாளாகக் கொட்டும் மழையிலும் மண் மணப்பதாக எழுதுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தது மல்லிகையில்தான். பறித்த மொட்டு அன்று சாயங்காலம் விரியும், இரவெல்லாம் மணக்கும், மறுநாள் பழுப்பேறிப் புளித்த வாடை அடிக்கும். ஆறு மாதம் பூட்டிய வீட்டில் அது எங்கிருந்து வந்தது? அம்மா என்றதும் கை தானாக மல்லிகை என்று எழுதிவிட்டது. அங்கே எது மிஞ்சியிருக்கும் என்று நீங்கள் யோசிக்கவே இல்லை. துணி வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தலையணை உறையில் இறங்கிய தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பீரோவில், பட்டுப்புடவை மடிப்பில், அந்துருண்டை கிடக்கும்.

அந்துருண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உருகுவதில்லை. கட்டியாக இருந்தபடியே ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அம்மா போட்டபோது கோலிக்குண்டு அளவு இருந்தது இப்போது மிளகளவு ஆகியிருக்கலாம். அதை அவன் விரலில் எடுத்தால் போதும், எத்தனை காலம் ஆயிற்று என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். பூட்டிய பீரோவுக்குள் அந்த ஆவி தேங்கி நிற்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். உங்கள் காட்சி அந்த முதல் மூச்சில் இருக்கிறது.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மாறாமல் இருக்கிற எந்த வாசனையையும் மூக்கு சில நிமிடங்களில் விட்டுவிடும். தன் வீட்டின் வாடை தனக்குத் தெரியாததும், விருந்தாளிக்கு வாசலிலேயே தெரிவதும் இதனால்தான். "நிறைந்திருந்தது" என்று நீங்கள் எழுதிய இடத்தில் மூக்குக்கு வேலையே இல்லை. ஏதாவது நடக்க வேண்டும். கதவு திறக்க வேண்டும், காற்று திசை மாற வேண்டும், புடவையை உதற வேண்டும். வாசனை வரும், மங்கும், இன்னொரு அசைவில் மறுபடி வரும். இந்த வரவும் போக்கும் இல்லாவிட்டால் எத்தனை உரிச்சொல் அடுக்கினாலும் வாசகருக்கு எதுவும் எட்டாது.

ஞாபகமும் தலைகீழாக நிற்கிறது. வாசனையின் பாதை மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை வெகு சீக்கிரம் தொட்டுவிடுகிறது. நன்றாகத் தெரிந்த வாசனைக்குக்கூடப் பெயர் சட்டென்று வாயில் வராது. ஆகவே உடம்பு முதலில், ஞாபகம் அடுத்து, பொருளின் பெயர் கடைசியில். இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"பீரோவைத் திறந்தான். மூச்சு ஒரு கணம் நின்றது. தீபாவளிக்கு மட்டும் வெளியே எடுக்கும் சட்டை, காலரை இழுத்துவிடும் கை. அப்புறம்தான் புடவை மடிப்பில் மிளகளவு அந்துருண்டையைப் பார்த்தான்."

'அம்மாவின் ஞாபகம் வந்தது' என்ற வாக்கியம் இதில் எங்கே உட்காரும், சொல்லுங்கள்?

ஒரு காட்சிக்கு ஒரு வாசனை போதும், மிஞ்சினால் இரண்டு. பயிற்சி பெற்ற மூக்குக்காரர்களே ஒரு கலவையில் மூன்று நான்குக்கு மேல் பிரித்துச் சொல்லத் திணறுகிறார்கள். உவமை வேண்டுமென்றால் அதுவும் மூக்குக்குத் தெரிந்த பொருளாக, அதன் நிலையோடு இருக்கட்டும். "சோகம் போன்ற வாசனை" என்றால் ஒன்றும் வராது. "ஈரம் காயாமல் மடித்து வைத்த துண்டு போல" என்றால் பூட்டிய அறை வந்துவிடும்.

கதையில் மறுநாளும் அவன் அம்மாவின் வாசனையை முகர்ந்துகொண்டே இருக்கிறானா? அப்படியானால் அடித்துவிடுங்கள். ஓர் இரவு அங்கே படுத்தவனுக்கு அது தெரியாது. வெளியிலிருந்து வரும் தங்கைக்குத்தான் வாசலிலேயே தெரியும். "அம்மா வாடை அடிக்குதுண்ணா" என்று அவள் சொல்லும்போதுதான் தனக்கு அது நின்றுபோனதே அவனுக்குத் தெரிய வேண்டும். அடுத்து அவள் ஜன்னலைத் திறக்கப் போவாள். அவன் தடுப்பானா, விடுவானா என்று நீங்களே முடிவு செய்து, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்புங்கள்.