நாயகன் பாட்டும் சித்தி பொண்ணுக்கு ஒரு கடிதமும்

"காலேஜ்ல படிக்கிறேன். நாயகன் (1987) முதல் பாட்டே சோக முடிவைச் சொல்லிடுதுன்னு சித்தி பொண்ணுக்கு லெட்டர் எழுதினா, கதைச்சுருக்கமா ஆயிடுது. எப்படிச் சரி பண்றது?"

‘தென்பாண்டிச் சீமையிலே’ பாட்டில் வர்ற ‘யார் அடித்தாரோ’ங்கிற கேள்வியை மட்டும் பிடிச்சுக்கோங்க. அப்பாவைப் பறிகொடுத்த சின்னப் பையன் வேலுவுக்கு அது ஆறுதல். ஆனா அவன் போலீஸ்காரரைக் குத்திட்டு ஓடிவந்தவன், அடிபட்டவனே அடிச்சவனும். கடைசியில் அவனைச் சுடுறது யாரு? பின்னாடி பம்பாயில் அவன் கொன்ன இன்ஸ்பெக்டரோட மகன். அப்பாவை இழந்த இன்னொரு பிள்ளை! அதே கேள்வி இப்ப இவனுக்கும் பொருந்துது.

சம்பவங்களை வரிசையா அடுக்கியிருப்பீங்க, அதான் சிக்கல். பாட்டு வரியிலிருந்து நேரா முடிவுக்குத் தாவுங்க. பிறகு பாட்டைப் பற்றிய வரிகளை மறைச்சுப் படிங்க. அப்பவும் கடிதம் முழுசா நின்னா, இன்னும் கதைதான் சொல்றீங்க.

சித்தி பொண்ணு இன்னும் படம் பார்க்கலேன்னா, லெட்டரைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க.